மரவேர் புகுந்து அடைக்கும் கழிவுநீர்க் குழாய்: வீட்டுக்காரர்கள் கேட்பவையும் பதில்களும்

பழைய வீடுகளின் கழிவுநீர்க் குழாய்களைத் திருத்தும் வேலையை மேற்பார்வை செய்து வருகிறேன். பெரும்பாலும் சென்னைப் புறநகரில். குழாயைத் திறந்து பார்க்க இடையிடையே கட்டும் மூடி போட்ட தொட்டிகளான சேம்பர்களுக்கு நடுவில் ஸ்டோன்வேர் பைப் (நம் ஆட்கள் சொல்லும் மண் பைப்பு) பதித்து, பக்கத்திலேயே ஒரு வேம்போ புங்கையோ வளர்ந்து நிற்கும் வீடுகளில் இருந்து வரும் கேள்விகள்தான் கீழே இருப்பவை.

ஆள் வந்து ராடு விட்டா சரியாகிடுது சார். மூணு நாலு மாசம் கழிச்சு திரும்பவும் அதே இடத்துல அடைக்குது. வேர்தான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

அதே இடத்தில் திரும்பத் திரும்ப அடைக்கிறது என்பதே பாதி பதில். எண்ணெய்ப் பிசுக்கு, நாப்கின், துணி போன்றவற்றால் வரும் அடைப்பு ஒருமுறை அங்கே, ஒருமுறை இங்கே என்று இடம் மாறும். வேர் இடம் மாறாது.

அடுத்தமுறை ராடு வெளியே வரும்போது அதன் நுனியைப் பாருங்கள். சாம்பல் பழுப்பு நிறத்தில் குதிரை வால் மாதிரி ஒரு கொத்து சுற்றிக்கொண்டு வந்தால் சந்தேகமே வேண்டாம். தலைமுடிக் கற்றையும் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும் என்பதால் ஒரு இழையைக் கழுவிக் கிள்ளிப் பாருங்கள். வேர் பட்டென்று ஒடியும், கிளை பிரிந்திருக்கும். முடி ஒடியாது, கிளையும் இருக்காது.

வேர் அடைப்பு வரும் விதமும் வேறு. முதலில் கழிப்பறைத் தண்ணீர் கொஞ்சம் தயங்கி இறங்கும். பிறகு குளியலறைத் தரைக் குழியில் குபுக் குபுக்கென்று சத்தம் வரும். சில வாரம் இப்படி இழுத்துக்கொண்டே போய், ஒருநாள் சேம்பர் மூடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வழியும். வேர் தானாகக் குழாயை மூடுவது அரிது. அது குழாய்க்குள் சல்லடை கட்டிவைக்கிறது, அதில் மாட்டுகிற பொருள்தான் மூடுகிறது.

இன்னொரு அறிகுறி மழைக்காலத்தில் தெரியும். வீட்டில் யாரும் குழாயைத் திறக்காத நேரத்தில் கேட் பக்கத்துச் சேம்பரைத் திறந்து பாருங்கள். அப்போதும் தெளிந்த தண்ணீர் ஓடிவந்தால், மழைநீர் வடிகாலை யாராவது அதில் இணைத்திருக்கிறார்களா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி இல்லையென்றால் மண்ணில் ஊறிய நீர் மூட்டு வழியாக உள்ளே வருகிறது. நீர் வரும் வழியில் வேரும் வரும்.

பைப்பை உடைச்சுக்கிட்டா வேர் உள்ளே போகுது? அவ்வளவு பலமா வேம்புக்கு?

முழுதாக இருக்கும் குழாயை எந்த வேரும் துளைத்துக்கொண்டு போவதில்லை. குழாய் ஒழுகுவதுதான் முதலில். வேர் பிறகுதான் வருகிறது.

ஸ்டோன்வேர் பைப் இரண்டடித் துண்டுகளாக வரும். ஆகவே இரண்டடிக்கு ஒரு மூட்டு. ஒரு குழாயின் வாலை அடுத்ததன் சாக்கெட்டுக்குள் நுழைத்து, சிமென்ட் பாலில் நனைத்த சணலைத் திணித்து, மேலே சிமென்ட் கலவை பூசுவார்கள். மேல்பாதியை அழகாகப் பூசிவிடலாம். அடிவயிற்றுப் பக்கம் கை போகாது. அங்கே கலவை நிரம்பியதா இல்லையா என்று பூசிய கொத்தனாருக்கே தெரியாது. களிமண் நிலமாக இருந்தால் கோடையில் மண் சுருங்கி, மழையில் உப்பி, ஒவ்வொரு வருடமும் குழாயை மயிரிழை அளவாவது அசைக்கும். சிமென்ட் மூட்டு வளையாது, விரிசல்தான் விடும்.

அந்த விரிசலில் கசியும் நீர் சுற்றியுள்ள மண்ணை எப்போதும் ஈரமாக வைத்திருக்கிறது. ஏப்ரல், மே மாதத்தில் முற்றத்து மண் முழுக்கக் காய்ந்து கிடக்கும்போது ஈரம் இருக்கும் ஒரே இடம் அதுதான். அங்கே எட்டும் வேர் செழித்துக் கிளைக்கும். நூல் பருமனில் உள்ளே நுழையும் வேருக்குத் தண்ணீர், உரம், காற்று மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. காற்று என்பதைக் கவனியுங்கள். வீட்டுக் கழிவுக்குழாய் எப்போதும் நிரம்பி ஓடுவதில்லை. மேல்பாதி காலியாகவே இருக்கும். வேருக்கு மூச்சுவிட இடம் தேவை என்பதால் பெரும்பாலும் அந்தக் காலிப் பகுதியில்தான் திரைபோட்டுத் தொங்கும்.

உடைப்பது இதற்குப் பிறகு நடப்பது. உள்ளே போன நூல் வருடக்கணக்கில் பருத்து, சாக்கெட்டை உள்ளிருந்தே பிளக்கும். தோண்டும்போது கண்ணில் படுவது அந்தக் கடைசிக் காட்சிதான். அதைப் பார்த்துவிட்டு மரம் குழாயை உடைத்தது என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

எங்க இருக்குன்னு தெரியல, சந்து முழுக்க தோண்டணும்னு மேஸ்திரி சொல்றார். வேற வழி இல்லையா?

இருக்கிறது. ஒரு வீட்டில் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

பக்கச் சந்தில் மூன்று சேம்பர்கள். முதலாவது சமையலறைக்குப் பின்னால், இரண்டாவது சந்தின் நடுவில், மூன்றாவது கேட் ஓரம். கழிவு வழிந்துகொண்டிருந்த நேரத்தில் மூன்றையும் திறந்தோம். முதல் இரண்டும் விளிம்புவரை நிரம்பியிருந்தன, மூன்றாவது காய்ந்து கிடந்தது. ஆகவே அடைப்பு இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில். அந்த நீளம் 24 அடி. இவ்வளவுக்கே தோண்ட வேண்டிய இடம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

பிறகு காய்ந்த சேம்பரில் இருந்து மேல்நோக்கி மூங்கில் பிளாச்சை விட்டோம். முட்டி நின்ற இடத்தில் சேம்பர் சுவரை ஒட்டிப் பிளாச்சில் அடையாளம் போட்டு, வெளியே இழுத்து அளந்தால் 9 அடி. நிரம்பிய சேம்பரில் தண்ணீரை ஓரளவு இறைத்துவிட்டு அங்கிருந்து கீழ்நோக்கி விட்டதில் 14 அடி. இரண்டையும் கூட்டினால் 23. மொத்தம் 24. நடுவில் இருப்பது ஒரு அடி நீளக் கொத்து. கேட் பக்கத்துச் சேம்பரில் இருந்து 9 அடியில் தரையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டோம். அதற்கு நேர் எதிரே, 5 அடி தள்ளி, ஒரு அடி விட்டமுள்ள வேப்பமரம்.

இரண்டு பக்கமும் அளப்பதுதான் இதில் முக்கியம். ஒரு பக்கம் மட்டும் அளந்தால் குழாய் வளைவிலோ தூக்கி நிற்கும் சாக்கெட் விளிம்பிலோ பிளாச்சு முட்டியதை அடைப்பு என்று நினைத்துவிடலாம். அடைப்பு எடுக்க வருகிற ஆள் ராடை வெளியே உருவியதும் அந்த அளவும் போய்விடும். அவர் உருவுவதற்கு முன் சேம்பர் ஓரத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள்.

மூடியைத் திறந்ததும் முகத்தைக் கொண்டுபோய் உள்ளே நீட்டாதீர்கள். கொஞ்ச நேரம் திறந்துவைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். வீட்டுச் சேம்பர் இரண்டு மூன்றடி ஆழம்தான் இருக்கும், எல்லா வேலையையும் வெளியே நின்றே செய்துவிடலாம். செப்டிக் டேங்கிலோ தெரு மேன்ஹோலிலோ யாரையும் இறக்கவே கூடாது. பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் இல்லை என்று நம்பி இறங்கியவர்கள் செத்திருக்கிறார்கள்.

கேமரா விட்டுப் பார்க்கச் சொல்றாங்களே, தேவையா?

சேம்பருக்குச் சேம்பர் நேராகப் போகும் 20, 30 அடிக் குழாய்க்குப் பிளாச்சே போதும். சேம்பர் தரைக்கடியில் புதைந்து எங்கே என்றே தெரியாத வீடு, குழாய் வீட்டுக்கு அடியில் போகும் வீடு, தோண்டினால் கிரானைட் தளத்தை உடைக்க வேண்டிய வீடு ஆகியவற்றில் கேமராவுக்குக் கொடுக்கும் பணம் வீணில்லை.

கேமரா விடுவதானால் அடைப்பை எடுத்து, தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகு விட வேண்டும். அழுக்குத் தண்ணீருக்குள் விட்டால் பழுப்பு நிறத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. ஓட்டும்போது பக்கத்தில் நின்று, எத்தனையாவது அடியில் என்ன தெரிகிறது என்று எழுதி வாங்குங்கள். வீடியோவை மட்டும் கையில் கொடுத்துவிட்டுப் போனால் பிறகு எந்த மூட்டு எது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு மூட்டில் மட்டுமா, எல்லா மூட்டிலுமா, நடுவில் குழாய் தாழ்ந்து தண்ணீர் நிற்கிறதா என்ற மூன்றையும் கேமராவில் பார்த்துவிடுங்கள்.

மயில்துத்தம் போட்டா வேர் செத்துடும்னு யூட்யூப்ல சொல்றாங்க. ஆசிட் ஊத்தலாமா?

மயில்துத்தம் தன்மேல் படும் வேரைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் வேர் தொங்குவது குழாயின் மேல்பாதியில். துத்தக் கரைசல் ஓடுவது அடியில். நுனிகள் மட்டும் நனையும், மூட்டுக்குள் இருக்கும் கழுத்து தப்பித்துவிடும். முழுதாக அடைத்திருக்கும்போது போட்டால் அது மேலேயே தேங்கி நிற்கும், அடுத்து ராடு விடுபவர் கையில்தான் படும். செத்த வேரும் கரைந்துபோகாது. அது அங்கேயே தொங்கிக்கொண்டு குப்பையைப் பிடிக்கும், எப்படியும் வெட்டித்தான் எடுக்க வேண்டும். செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் துத்தம் போடவே கூடாது. தொட்டியில் கழிவை மக்கவைக்கும் பாக்டீரியாவையும் அது கொன்றுவிடும். டேங்க் இல்லாத வீட்டில் போட்டாலும் செம்பு கலந்த நீர் எங்கோ ஒரு நீர்நிலைக்குத்தான் போகிறது. நான் யாருக்கும் சொல்வதில்லை.

ஆசிட் இன்னும் மோசம். வேரை அது பெரிதாக ஒன்றும் செய்யாது. மூட்டில் இருக்கும் சிமென்ட்டைத்தான் அரிக்கும். வாசலைப் பெரிதாக்கி வேரை வரவேற்ற கதையாகிவிடும். காஸ்டிக் சோடா கொழுப்பைக் கரைக்கும், மரத்தைக் கரைக்காது. அதைத் தண்ணீர் நிற்கும் குழாயில் கொட்டினால் கொதித்து முகத்தில் தெறிக்கும்.

ஜெட் அடிச்சோ வெட்டியோ வேரை முழுசா எடுத்துட்டா போதாதா? எவ்வளவு நாள் தாங்கும்?

வேரை முழுதாக எடுக்க முடியாது. வெட்டும் கருவி குழாயின் உள்சுவர்வரை வெட்டும். மூட்டில் சிக்கிய பகுதியும் வெளியே இருக்கும் வேரும் உயிரோடுதான் இருக்கும். வெட்டிய இடத்துக்குப் பின்னால் ஒன்றுக்குப் பல புதுக் கிளைகள் விடும். கவாத்து செய்த செம்பருத்தி எப்படி அடர்த்தியாகும் என்று உங்களுக்கே தெரியும், வேரும் அப்படித்தான். ராடு விடும் இடைவெளி ஆறு மாதம், நாலு மாதம் என்று சுருங்கிக்கொண்டே வருவதற்கு இதுதான் காரணம்.

வெறும் ராடு கொத்தில் ஓட்டை போடும், அவ்வளவே. வேர் வெட்டும் கத்தி மாட்டிய இயந்திரமோ உயர் அழுத்த ஜெட்டோ சுவர்வரை சுத்தமாக எடுக்கும், கூடுதல் காலம் தாங்கும். ஆனால் பழைய மண் பைப்பில் அழுத்தத்தைக் கூட்டி ஜெட் அடித்தால் ஏற்கெனவே விரிசல் விட்ட மூட்டில் கலவை கழன்று வரும். வண்டிக்காரரிடம் இது பழைய ஸ்டோன்வேர் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வாடகை வீடு, இன்னும் இரண்டு வருடத்தில் இடித்துக் கட்டப்போகும் வீடு என்றால் அடைப்பு வரும்வரை காத்திராமல் கோடை முடியும்போது ஒருமுறை, மழை முடிந்ததும் ஒருமுறை வெட்டி எடுத்துக் காலத்தை ஓட்டலாம். தப்பில்லை. மற்றவர்கள் குழாயை மாற்றுவதே நல்லது.

மாத்துறதுன்னா அந்த ஒரு மூட்டை மட்டும் உடைச்சுப் பூசினா போதுமா? முழுசும் மாத்தணுமா?

அந்த 24 அடி வீட்டையே பார்ப்போம். சுண்ணாம்புக் கோட்டில் தோண்டியதும் மூட்டு வெளியே வந்தது. வெளியே பென்சில் பருமனில் ஒரே ஒரு வேர், சாக்கெட்டைச் சுற்றிவந்து அடிப்பக்கத்தில் உள்ளே போயிருந்தது. மேல்பூச்சு முழுதாக, நேற்றுப் பூசியது மாதிரி இருந்தது. அதை வைத்து அங்கே ஒன்றும் இல்லை என்று வீட்டுக்காரர் சொன்னார். உள்ளே கைவிட்டுத் தடவினால் கீழ்ப்பாதியில் கலவையே இல்லை. அந்த இடத்தில் குழாய் ஒரு அங்குலம் தாழ்ந்தும் இருந்தது. இரண்டு பக்கமும் அடுத்தடுத்த மூட்டுகளைத் திறந்தால் அங்கும் நூல் வேர்கள் தொடங்கியிருந்தன.

ஒரு மூட்டை மட்டும் அடைத்தால் மரம் அடுத்த மூட்டுக்கு நகரும். ஒரே ஆள் ஒரே நாளில் ஒரே மாதிரி பூசிய மூட்டுகளில் ஒன்று மட்டும் கெட்டது என்று நம்ப முடியாது. சேம்பருக்குச் சேம்பர் முழு நீளத்தையும் மாற்றுங்கள். 24 அடியில் பழைய கணக்குப்படி 12 துண்டுகள், நடுவில் 11 மூட்டு, சேம்பர் சுவரில் இரண்டு, ஆக 13 இடங்களில் வேர் புகலாம். பி.வி.சி. குழாய் ஆறு மீட்டர் நீளத்தில் கிடைக்கும். ஒரு முழு நீளமும் ஒரு துண்டும் போட்டால் நடுவில் ஒரே மூட்டு. அந்த ஒன்றையும் மரத்துக்கு எதிரே வராமல் கேட் பக்கம் தள்ளிவிடலாம். 13 போய் 3.

குழாய் வாங்கும்போது 110 மி.மீ. விட்டத்தில், நிலத்தடிக் கழிவுக்கென்றே வரும் செங்காவி நிறக் குழாயைக் கேளுங்கள். அதன் மேல் ஐ.எஸ். 15328 என்று அச்சிட்டிருக்கும். கிடைக்கவில்லை என்றால் வீட்டுக் கழிவுக்கும் மழைநீருக்கும் வரும் எஸ்.டபிள்யூ.ஆர். குழாயில் 'பி' வகை வாங்கலாம். 'ஏ' வகை மழைநீருக்கும் காற்றுக்குழாய்க்கும் ஆனது, சுவர் மெலிது. விலை குறைவு என்று கடைக்காரர் அதைத்தான் முதலில் எடுத்துப்போடுவார்.

பள்ளம் ஒன்றரை அடி அகலம் போதும். மரத்துப் பக்கம் ஜே.சி.பி. வேண்டாம், கடப்பாரையும் மண்வெட்டியும்தான். குழாயை ஒட்டி வரும் சின்ன வேர்களை ரம்பத்தால் சுத்தமாக அறுக்கலாம். கட்டைவிரலைவிடத் தடித்த வேர் குறுக்கே வந்தால் அதை விட்டுவிட்டு அடியில் குழாயை நுழைத்துக்கொண்டு போங்கள்.

அடுத்தது வாட்டம், அதாவது குழாயின் சரிவு. நாலங்குலக் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று என்பது நாங்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு. 24 அடி என்றால் 288 அங்குலம், அதை 40-ஆல் வகுத்தால் 7.2 அங்குலம் இறங்க வேண்டும். டியூப் லெவல் பிடித்துப் பார்த்ததில் இரண்டு சேம்பருக்கும் உள்ள வித்தியாசம் ஏழரை அங்குலம், அதுவே போதும். நூல் கட்டி, ஐந்தடிக்கு ஒன்றரை அங்குலம் இறங்குகிறதா என்று இடையிடையே அளந்தால் நடுவில் தொய்வு வராது. மொத்த வாட்டம் சரியாக இருந்து நடுவில் பள்ளம் விழுந்தால் தண்ணீர் அங்கே தேங்கி வண்டல் படியும்.

குழாய்க்கு அடியில் நாலு அங்குலம் மணல், இல்லையென்றால் சலித்த மண். வாட்டத்துக்காகச் செங்கல் துண்டைத் தாங்கலாக வைத்துவிட்டு அப்படியே மூடும் பழக்கம் இருக்கிறது. அதை அனுமதிக்காதீர்கள். கல் இருக்கும் இடத்தில் மட்டும் குழாய் நிற்கும், மற்ற இடம் தொங்கும்.

மூட்டுக்கு ரப்பர் வளையம் வைத்ததைவிட, மரத்துக்குப் பக்கத்தில் சால்வென்ட் சிமென்ட் போட்டு ஒட்டும் கப்ளர் நல்லது. குழாயை நேராக அறுத்து, பிசிறு எடுத்து, துடைத்துக் காயவைத்து, இரண்டு பக்கமும் தடவி, கால் சுற்றுத் திருப்பி நுழைத்து அரை நிமிடம் அசையாமல் பிடிக்க வேண்டும். ஈரக் குழாயில் தடவினால் ஒட்டியது போலத் தெரியும், ஒட்டியிருக்காது.

அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடும் ஒரு வேலை சேம்பர் சுவரில் இருக்கிறது. பி.வி.சி.யின் வழவழப்பில் சிமென்ட் பிடிக்காது. கொஞ்ச காலத்தில் குழாயைச் சுற்றி ஒரு வட்ட இடைவெளி வரும், வேருக்கு அடுத்த வாசல் அது. சுவருக்குள் போகும் நீளத்தில் உப்புத்தாள் தேய்த்து, சால்வென்ட் சிமென்ட் தடவி, அது ஈரமாக இருக்கும்போதே காய்ந்த ஆற்றுமணலைத் தூவிக் காயவிடுங்கள். சொரசொரப்பான அந்த மணல் கோட்டைச் சிமென்ட் கலவை கவ்விக்கொள்ளும்.

மூடும் முன் ஒரு சோதனை. கீழ்ச் சேம்பரில் குழாய் வாயை ரப்பர் பிளக்கால் அடைத்து, மேல் சேம்பரில் குழாய் வாய்க்கு மேலே ஒரு சாண் உயரம்வரை தண்ணீர் நிரப்புங்கள். சேம்பர் சுவர் கொஞ்சம் உறிஞ்சும் என்பதால் சற்று நேரம் விட்டு, மறுபடி நிரப்பிச் சாக்பீஸ் கோடு போடுங்கள். அரைமணி நேரத்தில் கோடு அப்படியே இருந்தால் மண் தள்ளலாம். இறங்கினால் பள்ளத்தில் எங்கே ஈரம் தெரிகிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். மண்ணை ஆறங்குலத்துக்கு ஒருமுறை மிதித்து இறுக்கி நிரப்புங்கள். தளர்வாகக் கொட்டிய மண்ணில் வேர் வேகமாக ஓடும்.

பி.வி.சி. போட்டு அஞ்சு வருஷம்தான் ஆகுது, அதுலயும் வேர் வந்துடுச்சே?

மேலே சொன்ன சேம்பர் சுவர் வழியாக வந்திருக்கும், இல்லையென்றால் சேம்பரே காரணமாக இருக்கும். ஒற்றைச் செங்கலில் கட்டி உள்ளே மட்டும் பூசிய சேம்பரின் மூலைகள் விரிசல் விட்டால் வேர் சுவர் வழியாக வந்து, அங்கிருந்து குழாய்க்குள் இறங்கும். திறந்து பார்த்தாலே தெரியும். உள்சுவரை ஒன்றுக்கு மூன்று கலவையில் நீர்க்கசிவு தடுக்கும் மருந்து சேர்த்துப் பூசுவதும், தரையில் வாய்க்கால் மாதிரி வளைவு எடுத்துவிடுவதும் ஒருநாள் வேலை.

அரசும் ஆலும் வேறு மாதிரி வரும். காக்கை எச்சத்தில் விழுந்த விதை மூடியின் இடுக்கிலேயே முளைக்கும். இரண்டு இலையாக இருக்கும்போது கிள்ளி எறிந்துவிடுங்கள்.

மரத்தையே வெட்டிட்டா பிரச்சினை தீர்ந்துடும் இல்லையா?

மூட்டு ஒழுகிக்கொண்டுதான் இருக்கும். வேம்பும் பூவரசும் வெட்டிய அடிக்கட்டையில் இருந்து துளிர்க்கும், வேர் சாகாது. அப்படியே செத்தாலும் மண்ணுக்குள் மக்கி அந்த இடம் வெற்றிடமாகும், குழாய் இறங்கும். பக்கத்து வீட்டு மரமோ தெரு மரமோ அதே ஈரத்துக்கு வந்து சேரும்.

மரத்தை வைத்துக்கொண்டு அதன் வேரை மட்டும் ஒரு பக்கமாக வெட்டித் தள்ளுவது வெட்டுவதைவிட ஆபத்து. அடிமர விட்டத்தைப்போல் மூன்று மடங்கு தூரத்துக்குள் இருக்கும் வேர்கள்தான் மரத்தைத் தாங்குகின்றன. ஒரு அடி விட்டமுள்ள வேம்புக்கு மூன்றடிக்குள் கை வைக்கக் கூடாது, ஐந்தடி விட்டால் நிம்மதி. 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கில் மரங்கள் வேரோடு சாய்ந்தன. ஐப்பசிக்கு முன்னால் ஒரு பக்க வேரை அறுத்துவிட்டு, வீட்டுப் பக்கம் சாயாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

எங்க வீட்டுல தென்னைதான் இருக்கு. அதுக்கும் இதேதானா?

கொஞ்சம் வேறு. தென்னை வேர் வேம்பு மாதிரி வருடக்கணக்கில் பருப்பதில்லை. வந்த பருமனிலேயே இருக்கும். ஆகவே குழாயைப் பிளக்கும் பயம் குறைவு. ஆனால் எண்ணிக்கை மிக அதிகம், அடிமரத்தில் இருந்து புதிதாக வந்துகொண்டே இருக்கும். ஏற்கெனவே திறந்திருக்கும் மூட்டில் கொத்தாக நுழைந்துவிடும். சாம்பல் பழுப்புக் குதிரை வாலுக்குப் பதில் செம்பழுப்பு நிறத்தில் தடித்த கயிறுகளாக வந்தால் தென்னை என்று கொள்ளலாம். வைத்தியம் அதேதான்.

நாங்க செப்டிக் டேங்க் வீடு. உறிஞ்சுகுழிக்குள்ளயும் வேர் வந்திருக்கு.

வீட்டில் இருந்து டேங்க் வரை, டேங்கில் இருந்து உறிஞ்சுகுழி வரை உள்ள குழாய்களுக்கு மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். உறிஞ்சுகுழியின் வேலையே நீரை மண்ணுக்கு விடுவது. அதை வேர் புகாமல் மூடினால் அது உறிஞ்சுகுழியாக இருக்காது. அங்கே வேர் வருவதை ஏற்றுக்கொண்டு, டேங்கின் வெளிக்குழாய் வாய்வரை வேர் ஏறிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். குழியே நிரம்பி நீர் இறங்காவிட்டால் மரத்தில் இருந்து தள்ளிப் புதுக்குழி எடுப்பதுதான் வழி.

வேர் பக்கத்து வீட்டு மரத்தோடது. அவங்க செலவு ஏத்துக்கணுமா? தெருவுல அடைச்சா யார்கிட்ட சொல்றது?

பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை நடத்தும் நேரத்தில் குழாயை மாற்றிவிடலாம் என்பது என் கருத்து. ஒழுகியது உங்கள் குழாய். அது ஒழுகாவிட்டால் யார் வீட்டு வேரும் உள்ளே வராது.

கேட் ஓரத்துச் சேம்பரும் நிரம்பி நின்றால் அடைப்பு உங்கள் எல்லைக்கு வெளியே, தெரு மேன்ஹோல் போகும் இணைப்பில் இருக்கிறது. சாலையை நீங்களே தோண்டக் கூடாது. சென்னையில் குடிநீர் வாரியத்துக்கு 044-45674567 என்ற எண்ணில் புகார் சொல்லலாம், மற்ற ஊர்களில் மாநகராட்சியோ நகராட்சியோ. புகார் சொல்லும்போது "கடைசிச் சேம்பரும் நிறைஞ்சிருக்கு, வீட்டுக்குள்ள அடைப்பு இல்ல" என்று தெளிவாகச் சொல்லுங்கள். வருகிறவர்கள் முதலில் கேட்பதும் திறந்து பார்ப்பதும் அந்தச் சேம்பரைத்தான்.